சிலிண்டரைச் சாய்த்தால் ஏன் எரிகிறது?

எங்கள் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பில் தீ அடங்க ஆரம்பித்ததும் வீட்டில் யாராவது ஒருவர் சிலிண்டரைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். அப்படியும் தீ ஏறவில்லை என்றால் அதைத் தரையில் படுக்கப் போடுவார். நான் தருமபுரியில் ஒரு கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். இலவச கேஸ் அடுப்பு கொடுத்த 2007-க்குப் பிறகு முதல் தடவையாக சிலிண்டர் பார்த்த வீடுகளுக்கும், 2016-க்குப் பிறகு உஜ்வாலாவில் இணைப்பு வாங்கிய வீடுகளுக்கும் போய், "படுக்க வைக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். எல்லோரும் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"படுக்க வெச்சா நல்லாத்தானே எரியுதுங்க?"

எரிவது உண்மை. அதை மறுத்துப் பேசினால் நம்மை யாரும் நம்ப மாட்டார்கள். ஏன் எரிகிறது என்று சொல்லிவிட்டால், ஏன் கூடாது என்பதும் விளங்கிவிடும். அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

சிலிண்டருக்குள் இருப்பது காற்று மாதிரி ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அது திரவம். வீட்டு சிலிண்டரில் தண்ணீர் பிடித்தால் 33 லிட்டர் சொச்சம் பிடிக்கும். 14.2 கிலோ கேஸ் அடைத்தால் அது ஏறக்குறைய 26 லிட்டர் திரவமாக அடியில் நிற்கும். மேலே மிச்சம் இருக்கும் இடத்தில்தான் ஆவி இருக்கிறது. வால்வு உச்சியில் இருப்பதால் நமக்கு வருவது அந்த ஆவி. நாம் ஆவியை எடுக்க எடுக்க, கீழே உள்ள திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்புகிறது. தீ வைக்காமல் எப்படிக் கொதிக்கும் என்றால், புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் பூட்டேன் ஏறக்குறைய 0 டிகிரியிலும் கொதிப்பவை. நம் சமையலறையின் சாதாரணச் சூடே அவற்றுக்கு அடுப்பு மாதிரி. அந்தச் சூடு சிலிண்டரின் இரும்பு வழியாக உள்ளே போகிறது. திரவம் எவ்வளவு இரும்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதோ, அந்த அளவுக்குத்தான் வேகமாக ஆவியாகும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு என் அக்கா வீட்டுக்கு வாருங்கள். வீடு அதியமான்கோட்டையில். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும், தை மாதம், அக்கா மகளுக்கு வளைகாப்பு. விடியற்காலை நான்கு மணியிலிருந்து மூன்று பர்னரும் எரிந்துகொண்டிருந்தன. ஏழு வகைச் சோறு என்றால் சும்மாவா. ஏழு மணி வாக்கில் தீ அடங்கிவிட்டது. சிலிண்டரின் அடிப்பாகம் பனி பூத்து வேர்த்திருந்தது. ஆவியாகும்போது திரவம் தன் சூட்டையே இழக்கிறது. குளிர்ந்த திரவம் மெதுவாகத்தான் ஆவியாகும். தீர்ந்து போகவில்லை, களைத்துப் போயிருந்தது. அவ்வளவுதான்.

மாமா அதைத் தரையில் படுக்க வைத்தார். தீ ஏறியது. அவர் முகத்தில் ஒரு பெருமிதம்.

என்ன நடந்தது என்றால், நின்றிருந்தபோது அடியில் ஒரு குழம்புச் சட்டி அளவுக்கு ஒடுங்கி நின்ற திரவம், படுத்ததும் சிலிண்டரின் நீளம் முழுக்கப் பரவிவிட்டது. அது தொடும் இரும்பின் பரப்பு கூடிவிட்டது. அதுவும் புதிதாகத் தொடுகிற இடம் இன்னும் குளிராத இரும்பு. உடனே மளமளவென்று ஆவியாகும். வேறு மாயம் ஒன்றும் இல்லை. இதே பலனை வேறு வழியிலும் பெறலாம். மூன்று பர்னரில் இரண்டை அணைத்துவிட்டு அரை மணி நேரம் விட்டிருந்தால், நின்றபடியே அந்த சிலிண்டர் தேறியிருக்கும். ஆனால் வளைகாப்பு வீட்டில் அரை மணி நேரத்துக்கு யார் பொறுப்பார்கள்?

ஆக, முக்கால்வாசி தீர்ந்த சிலிண்டர் தட்டையாகப் படுத்திருந்தால் வால்வுக்கு வருவது ஆவிதான். வால்வு நடு மையத்தில் இருக்கிறது, திரவம் அதற்குக் கீழே கிடக்கிறது. அதனால்தான் நூறு தடவை செய்தவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் உள்ளே 9 கிலோவுக்கு மேல் இருந்தால், படுத்த சிலிண்டரில் பாதிக்கு மேல் திரவம் இருக்கும். வால்வு அதற்குள் மூழ்கிவிடும். அடுத்தது, சிலிண்டரின் வடிவம். நடு வயிறு பருத்து, கழுத்து வளையமும் அடி வளையமும் அதைவிடச் சின்னதாக இருப்பதால், படுக்க வைத்தால் அது வயிற்றின் மேல் நின்று இரண்டு பக்கமும் ஆடும். தலைப்பக்கம் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்குத் திரவம் வால்வை நோக்கி ஓடும்.

மாமா செய்தது அதற்கும் மேலே. கால் மணி நேரத்தில் தீ மறுபடி அடங்கியதும், எண்ணெய் டின்னின் கடைசிச் சொட்டை வடிப்பது போல, சிலிண்டரின் அடிப்பக்கத்தைத் தூக்கி ஒரு அடி உயர முக்காலியின் மேல் வைத்தார். தலை கீழே, அடி மேலே.

நான் கூடத்தில் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்காவின் கத்தல்தான் முதலில் கேட்டது. ஓடிப் பார்த்தால் மூன்று பர்னரிலும் தீ மஞ்சளாக, இரண்டடி உயரத்துக்கு, உஸ்ஸென்று சத்தத்தோடு நிற்கிறது. மேல் அலமாரியில் விரித்திருந்த செய்தித்தாளின் ஓரம் கருகிக்கொண்டிருந்தது. மாமா அடுப்பின் குமிழ்களைத் தேடினார். அவற்றுக்கு மேலே தீ. நான் குனிந்து ரெகுலேட்டரை ஆஃப் பண்ணினேன். அதன் பிறகும் டியூபுக்குள் இருந்தது சில வினாடிகள் எரிந்துதான் அடங்கியது. அந்தச் சில வினாடிகள் ரொம்ப நீளம்.

இங்கே ரெகுலேட்டருக்குள் போய்ப் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் நம் ஊர்ச் சூட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். அடுப்புக்கு வேண்டியது வெறும் 30 கிராம். ஒரு அடி உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் அது. 200-ல் ஒரு பங்காகக் குறைப்பதுதான் ரெகுலேட்டரின் வேலை. உள்ளே வட்டமாக ஒரு ரப்பர் சவ்வு. அதன் மேலே ஒரு ஸ்பிரிங். சவ்வின் அடியில் ஒரு நெம்புகோல், அதன் நுனியில் ஒரு ரப்பர் பொட்டு. கேஸ் உள்ளே வரும் ஊசித் துவாரத்தை அந்தப் பொட்டு அடைக்கும், விடும். அழுத்தம் கூடினால் சவ்வு மேலே எழும், பொட்டு துவாரத்தை நெருக்கும். அடுப்பைத் திறந்து அழுத்தம் குறைந்தால் சவ்வு இறங்கும், துவாரம் கொஞ்சம் திறக்கும். நாள் முழுக்க இதே வேலை. ரெகுலேட்டர் மேல் ஒரு சின்ன ஓட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சவ்வு ஏறி இறங்கும்போது மேல்பக்கக் காற்று போய் வரும் மூச்சுத் துவாரம் அது. எண்ணெய்ப் பிசுக்கோ பூச்சிக்கூடோ அடைத்தால் சவ்வு அசையத் திணறும், தீ ஒழுங்காக நிற்காது. அந்த ஓட்டையிலிருந்து கேஸ் வாசம் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அதைப் பிரித்து ஒட்டுப் போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

இந்த ஊசித் துவாரம் ஆவிக்காக அளந்து வைத்தது. அதில் திரவம் நுழைந்தால், ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்து ஏறக்குறைய 250 லிட்டர் ஆவியாக விரியும். பொட்டு எவ்வளவு நெருக்கினாலும் அந்த இடைவெளியில் ஒழுகும் துளித் திரவமே டியூபுக்குள் போய்க் குபீரென்று பெருகும். பெருகும்போது கடும் குளிர். ரப்பர் பொட்டும் சவ்வும் விறைத்துப் போகும். விறைத்த சவ்வு எப்படிக் காவல் காக்கும்? அக்கா வீட்டில் இரண்டடித் தீ நின்றது இதனால்தான்.

அழுத்தம் என்று பேசும்போது இலங்கை ஞாபகம் வருகிறது. 2021 நவம்பர், டிசம்பரில் அங்கே வீட்டு கேஸ் விபத்துகள் அடுத்தடுத்து நடந்தன. விசாரிக்க அமைத்த குழு, புரொப்பேன், பூட்டேன் கலவை விகிதம் மாறியதைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னது. புரொப்பேன் கூடினால் அழுத்தம் கூடும். சிலிண்டர் அதைத் தாங்கும். தடுமாறுவது வாஷர், ரெகுலேட்டர், டியூப் என்று நடுவில் இருக்கும் சின்னச் சாமான்கள்தான். நம்மிடமும் பலவீனமான இடங்கள் அவைதான்.

சரி, வளைகாப்பு வீட்டுக்குத் திரும்புவோம். சிலிண்டரை நிமிர்த்தி வைத்தோம். ஜன்னல், கதவு எல்லாம் திறந்தோம். ஃபேன் போடப் போன பையனின் கையைப் பிடித்து நிறுத்தினேன். சுவிட்சில் வரும் பொறி ஒன்று போதும். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். கதவைத் திறந்து வெளியே போக வழி விடுவதுதான் சரி. ஒரு கணக்கு சொல்கிறேன். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். கசிந்த ஒரு லிட்டர் திரவம் 250 லிட்டர் ஆவி. அது கலந்தால் 12,500 லிட்டர் காற்று பற்றும் நிலைக்கு வரும். எட்டடிக்கு எட்டடி சமையலறையில் முக்கால்வாசி அவ்வளவுதான். அதே துவாரத்தில் ஆவி கசிந்தால் அந்த நிலைக்கு வரப் பல மடங்கு நேரம் ஆகும். அதற்குள் வாசம் மூக்கில் ஏறி நம்மை எழுப்பிவிடும். நிற்கும் சிலிண்டருக்கும் சாய்ந்த சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம் இந்த நேரம்தான்.

அறை நன்றாகக் காற்றாடிய பிறகு ரெகுலேட்டரைக் கழற்றினேன். கழற்றியதும் வால்விலிருந்து சீ என்று சத்தம். வால்வை மேலிருந்து பார்த்தால் நடுவில் பித்தளைப் பின் ஒன்று தெரியும். கீழிருந்து ஸ்பிரிங்கும் கேஸ் அழுத்தமும் அதை மேலே தள்ளி மூடி வைத்திருக்கும். ரெகுலேட்டர் குமிழை ஆன் பக்கம் திருப்பினால் அதற்குள் இருக்கும் தண்டு இறங்கி இந்தப் பின்னை அமுக்கும், வால்வு திறக்கும். ஆஃப் செய்தால் தண்டு எழும், பின் தானாக மேலே வந்து மூடிக்கொள்ளும். மூடுவது உண்மையில் வால்வுதான், ரெகுலேட்டர் அதற்கு ஒரு விரல் மாதிரி. அன்று தலைகீழாக வைத்ததில் சிலிண்டரின் அடியில் கிடந்த எண்ணெய்க் கசடு திரவத்தோடு வந்து பின்னுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டது. பின் முழுசாக எழவில்லை.

இந்த நேரத்துக்குத்தான் சேப்டி கேப் இருக்கிறது. நூல் கட்டிய அந்த வெள்ளை பிளாஸ்டிக் மூடி. அது தூசி விழாமல் இருக்கப் போட்டது என்றுதான் ரொம்பப் பேர் நினைக்கிறார்கள். ரெகுலேட்டர் எந்த இடத்தில் 'டக்' என்று மாட்டுகிறதோ அதே இடத்தில்தான் இந்த மூடியும் மாட்டும். பின்னை அமுக்காமல், வால்வின் வாயையே அடைத்து, சிலிண்டரின் முழு அழுத்தத்தையும் தாங்கி நிற்கும். பின் கசிந்தாலும் கேஸ் வெளியே வராது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வால்வின் வாய்க்குள் உட்பக்கமாக ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும், நாங்கள் வாஷர் என்போம். அது கிழிந்தோ காணாமலோ போயிருந்தால் ரெகுலேட்டர் மாட்டினாலும் ஓரத்தில் கசியும், மூடியும் முழுசாக அடைக்காமல் போகலாம். புது சிலிண்டர் வந்ததும் டெலிவரி பையனைப் போகவிடாமல், மூடியைக் கழற்றி அந்த வாஷரையும் பின்னையும் சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள்.

"கேப் எங்கக்கா?" என்றேன்.

அக்கா மாமாவைப் பார்த்தார். மாமா பேரனைப் பார்த்தார். பேரன் நூலைப் பிடித்து அதைச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்ததைப் போன வாரம்தான் பார்த்ததாகப் பக்கத்து வீட்டு அண்ணி சொன்னார். அது எந்த வாய்க்காலில் கிடக்கிறதோ. நான் கட்டை விரலை வைத்து அடைக்கிற மாதிரி வீரமெல்லாம் காட்டவில்லை. வரும் கேஸ் தோலைச் சுட்டதுபோல் உறைய வைத்துவிடும். சிலிண்டரை நிமிர்ந்தபடியே தூக்கிக்கொண்டு போய்த் தென்னை மரத்தடியில், காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் விளக்கும் இல்லாத பக்கமாக வைத்தோம். அண்ணி ஓடிப் போய்த் தன் வீட்டு சிலிண்டரில் தொங்கிய மூடியை எடுத்து வந்தார். மேலே வைத்து அழுத்தினேன். டக். சத்தம் நின்றது. சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், ஒரு குமிழி கூட இல்லை.

பந்தியெல்லாம் முடிந்து, ஆட்டு வியாபாரம் பண்ணும் எதிர்வீட்டுக்காரரிடம் தொங்கு தராசு வாங்கி அந்த சிலிண்டரை எடை போட்டோம். மாமாவுக்கு அது தீர்ந்துவிட்டது என்றே எண்ணம். தராசு 17.1 கிலோ காட்டியது. கழுத்துத் தகட்டில் வெற்று எடை 15.8 என்று அடித்திருந்தது. மிச்சம் 1.3 கிலோ, திரவமாகச் சொன்னால் இரண்டரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முக்காலி உயரத்துக்குச் சாய்த்தபோது வால்வை மூழ்கடிக்க அதுவே போதுமானதாக இருந்தது. மாமா தராசையும் தகட்டையும் இரண்டு தடவை மாறி மாறிப் பார்த்தார். "இம்புட்டு இருந்துச்சா?" என்றார். மூன்று மணி நேரம் ஓயாமல் எரித்ததில் சிலிண்டர் உறைந்துதான் போயிருந்தது என்று அப்போதுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

இதனால்தான் தீ வராத சிலிண்டரையும் மூடி போட்டுத்தான் வைக்க வேண்டும். காலி என்று நாம் சொல்வதற்குள் எப்போதும் ஆவி இருக்கும், சில சமயம் திரவமும் இருக்கும். சந்தைக்கு வரும் வழியில் காலி சிலிண்டரை மொபெட்டின் முன்பக்கம் படுக்கவைத்து, வால்வு வெளியே நீட்டியபடி கொண்டுபோகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். நிறைந்ததை அப்படிக் கொண்டுவந்தால் வால்வு முழு நேரமும் திரவத்தில் மூழ்கியபடியே வரும். ஒரு மேடு பள்ளத்தில் பின் அசைந்தால் ஒழுகுவது திரவம்தான்.

அந்த ரெகுலேட்டரை அக்கா இரண்டு மூன்று நாள் உபயோகித்தார். வேறு சிலிண்டரில்தான். பிறகு எனக்கு ஃபோன் வந்தது. "தம்பி, எல்லாம் அணைச்சு வெச்சிட்டு, மறுபடி பத்த வெச்சா மொதல்ல பொசுக்குன்னு பெருசா எரிஞ்சு அப்புறம் அடங்குதுடா." நான் எதிர்பார்த்ததுதான். கசடு அந்த ஊசித் துவாரத்திலும் ஒட்டியிருக்கிறது. பொட்டு முழுசாக மூடவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் கேஸ் கொஞ்சம் கொஞ்சமாக டியூபில் ஏறி, அழுத்தம் கூடி நிற்கிறது. பற்ற வைத்ததும் அது ஒரு மூச்சில் வெளியே வருகிறது. எரிவதற்கு வழியில்லாத இரவு நேரத்தில் டியூபின் இணைப்பை அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடனே குமிழை ஆஃப் பண்ணிக் கழற்றி மூடி போடச் சொன்னேன். மறுநாள் வேறு ரெகுலேட்டர் மாற்றினேன். உங்கள் வீட்டில் முதல் தீ இப்படித் துள்ளினால் பர்னரைச் சந்தேகப்படுவதற்கு முன் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள்.

மாற்றப் போன அன்று புது மூடி ஒன்றும் கொண்டு போனேன். போடும் விதத்தை அக்காவையே செய்யச் சொன்னேன், அவருக்கு விரல் மூட்டு வலி உண்டு என்பதால். நேராக மேலே வைத்து, டக் என்று கேட்கும் வரை உள்ளங்கையால் அழுத்த வேண்டும். எடுப்பதற்கு நூலை இழுத்துக்கொண்டே மூடியை மேலே தூக்க வேண்டும். நாலைந்து தடவை செய்ததும் பழகிவிட்டது. நூலைச் சிலிண்டரின் கழுத்து வளையத்தில் கட்டிவிட்டார். கேஸ் கசிந்தால் கூப்பிட இப்போது 1906 என்ற எண் இருக்கிறது, எந்த நேரமும் எடுப்பார்கள். அன்று அது இல்லை. அந்த எண்ணையும் பிறகு ஒருநாள் போய் காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். மாமா அதற்குக் கீழே தன் கையெழுத்தில் ஆட்டு வியாபாரியின் நம்பரையும் எழுதியிருக்கிறார். தராசு வாங்கவாம்.